முகாம் அட்டையில் 8.4

கர்ப்பிணியின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அது ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை மிதமானது, 7-க்குக் கீழே கடுமையானது. பரிசோதனை முகாமில் விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து இந்த எண் சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். அந்த எண் எதைக் காட்டுகிறது, இனி என்ன செய்யவேண்டும் என்று நிதானமாகச் சொல்ல முகாமில் நேரம் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலை பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் வந்து சேர்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதம், இரண்டாவது பிள்ளை. மூத்ததற்கு ஒன்றரை வயது. முகாமில் அவருக்கு 8.4 வந்தது. ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செவிலியர் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் கேட்டது இதைத்தான்: “இருக்கிறதே கம்மின்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு நர்சம்மா ஆஸ்பத்திரியில மறுபடியும் ரத்தம் எடுக்கணும்கிறீங்க?”

நியாயமான கேள்வி. ரத்தம் கம்மி என்று கேட்டவருக்கு உடம்பிலுள்ள ரத்தமே வற்றிவிட்டதாகத்தான் தோன்றும். செவிலியர் அங்கிருந்தே தொடங்கினார். “உனக்கு ரத்தம் வத்தலம்மா. பிள்ளை உண்டானதும் எல்லாருக்கும் ரத்தம் கூடத்தான் செய்யும். மோருல தண்ணி கூடிப்போன மாதிரி, அதுல இருக்கவேண்டிய சத்து உனக்குக் குறைஞ்சு நிக்குது. சோதனைக்கு எடுக்கிற ரெண்டு மில்லியால ஒண்ணும் ஆயிடாது.”

அவர் சொன்னது சரியான விளக்கம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதியளவு அதிகரிக்கிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் ஆரோக்கியமான பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும். 8.4 வரை இறங்குவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. நம் ஊர்ப் பெண்களிடம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் பின்னால் இருக்கிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. மூத்த பிள்ளைக்குக் கொடுத்தது உடம்பில் திரும்பச் சேர்வதற்குள் இவர் மறுபடி கருவுற்றிருக்கிறார்.

மறுபரிசோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. விரல் நுனிச் சோதனையில் தவறு நேர இடமிருக்கிறது. ஸ்பிரிட் காயாமல் குத்தினாலோ, ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிந்தாலோ சொட்டில் வேறு திரவம் கலந்து எண் குறைந்து காட்டலாம். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த சொட்டை எடுக்கவேண்டும். கூட்டம் நெருக்கும் முகாமில் இது தவறிப்போவதுண்டு. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்வது நல்லது. அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து செவிலியர் மாத்திரைக்கு வந்தார். “சாப்பிடுறியா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். “குடுத்த மாத்திரைய எடுத்துட்டு வாம்மா, பாக்கலாம்” என்றார். ஒரு மாதத்துக்குக் கொடுத்த 30 சிவப்பு மாத்திரைகளில் 22 அப்படியே இருந்தன. செவிலியர் கோபப்படவில்லை, எட்டோடு ஏன் நின்றது என்று மட்டும் கேட்டார். முதலில் குமட்டல் என்றார் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கழித்து, மலம் கறுப்பாகப் போனது என்றார். கடைசியில் உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “புள்ள கறுப்பாப் பொறக்கும்னு சொல்றாங்களே!”

இந்த உரையாடலில் மிக முக்கியமான கட்டம் இதுதான். மாத்திரை ஏன் நின்றது என்று தெரியாமல் இன்னும் 30 கொடுத்தால் அதுவும் அலமாரியில்தான் இருக்கும். உடம்பு எடுத்துக்கொள்ளாத மீதி இரும்பு வெளியேறுவதால் மலம் கறுக்கிறது. அதில் கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. அதற்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. இதைச் செவிலியர் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார், ஏனென்றால் அந்த வீட்டில் மாத்திரை தொடர்வதும் நிற்பதும் பாதி அவர் கையில் இருக்கிறது. குமட்டலுக்கு வழி நேரத்தை மாற்றுவது. வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் வாந்தியில் போகும் மாத்திரையைவிட, சாப்பிட்ட பிறகு போட்டு உள்ளே தங்கும் மாத்திரை மேல்.

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பிட்ட அந்த எட்டையும் அவர் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கி, மேலே டீ குடித்திருக்கிறார். கால்சியமும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுப்பவை. செவிலியர் நாளைப் பிரித்துக் கொடுத்தார். கால்சியம் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு முற்பகல் 11 மணிக்கு ஒன்று, இரவு படுக்கப்போகும்போது ஒன்று. 11 மணி டீ மாலைக்குப் போகட்டும். அந்த நேரத்தில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. லேசான, மிதமான ரத்தசோகைக்கு இரண்டு. மூன்று மாதம் தாண்டியிருப்பதால் குடற்புழு மாத்திரையும் ஒருமுறை உண்டு. மூத்த பிள்ளை மாத்திரை அட்டையை இழுத்து விளையாடுவதைப் பார்த்த செவிலியர் அதை வாங்கி உயரத்தில் வைக்கச் சொன்னார். மிட்டாய் என்று நினைத்துச் சிறு பிள்ளை இந்த மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

“பீட்ரூட்டும் மாதுளையும் குடுத்தா ரத்தம் ஊறாதா?” என்றார் மாமியார். பலருக்கும் உள்ள நம்பிக்கை இது. இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கறி, மீன், கீரை, பயறு வகைகள் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் 8.4-ஐ மீதமுள்ள நான்கு மாதத்துக்குள் சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிட முடியாது.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் செவிலியர் மறைக்கவில்லை. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். ஹீமோகுளோபின் சரியாக உள்ளவர் அதைத் தாங்கிக்கொள்வார். 8-ல் பிரசவ அறைக்குப் போகிறவருக்கு, சற்றுக் கூடுதலாகப் போனாலே உயிர் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். பிள்ளை எடை குறைந்தோ, மாதம் முந்தியோ பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. “இப்பத்தான் அஞ்சு மாசம். ஏத்திடலாம், நேரம் இருக்கு” என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது. இந்தப் பெண்ணுக்கு 9.6 வந்தது, 11-ஐத் தொடும்வரை தினம் இரண்டே தொடரும், பிறகு ஒன்று. ஏறாமல் போயிருந்தால் செவிலியர் முதலில் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பார். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும்: பி12 குறைவோ, மூலத்தில் ரத்தக்கசிவோ, பரம்பரையாக வரும் தாலசீமியாவோ காரணமாக இருக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியபின் கண்டறியப்பட்டவர்களுக்கும் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். 7-க்குக் கீழே இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வீட்டில் மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒரு மாத்திரை உண்டு. மூத்த பிள்ளைக்குப் பிறகு இந்தப் பெண் அதைச் சாப்பிட்டதே இல்லை. அதனால் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் வாரத்திலேயே செவிலியர் மறுபடி போய் மாத்திரையைக் கையில் கொடுக்கவேண்டியிருக்கும்.