கருப்புத் துணியில் வெள்ளைக் கோடுகள்: காரணமும் கைமருந்தும்

வாஷிங் மெஷினிலிருந்து எடுக்கும்போது துணி நன்றாகத்தான் இருக்கிறது. மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த பிறகு பார்த்தால், கருப்புப் பேண்ட்டிலும் கருநீலச் சுடிதாரிலும் சாக்குக்கட்டியால் இழுத்தது போல வெள்ளைக் கோடுகள். தலைநகர் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் புகார் உண்டு. குளிர்காலம் தொடங்கினால் இன்னும் அதிகம். "மெஷினில் கோளாறு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். கோளாறு பெரும்பாலும் மெஷினில் இல்லை. தூளின் அளவிலும், அது கரைகிற விதத்திலும், நம் தண்ணீரிலும் இருக்கிறது.

முதலில் கோடு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் இது மூன்று வகை. ஒன்று, கரையாமல் தங்கிய சோப்புத் தூள். இரண்டு, தண்ணீரின் சுண்ணாம்பு சோப்புத் தூளோடு சேர்ந்து படிந்த வெள்ளை. மூன்று, படிவே அல்ல. மடிப்பில் துணி தேய்ந்து சாயம் போன இடம்.

இதைப் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். காய்ந்த கோட்டின் மீது ஈர விரலால் தேயுங்கள். வழுவழுப்புத் தட்டி, குழாயடியில் பிடித்ததும் போய்விட்டால் அது சோப்புத் தூள். வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்த பின்பும் கோடு அப்படியே இருந்தால், பஞ்சில் வெள்ளை வினிகரைத் தொட்டு அதன் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு அலசிக் காயவைத்துப் பார்த்து, கோடு மறைந்திருந்தால் அது சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாமல், மடிப்பின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு நின்றால் அது சாயம் போனது. அதற்கு மருந்து இல்லை. ஒரு எச்சரிக்கை: ஈரமாக இருக்கும்போது எந்த வெள்ளையும் கண்ணுக்குத் தெரியாது. முழுவதும் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

நான் ரயில்வேயில் சேர்ந்த 1980களில் லோகோ ஷெட்டுகளில் நீராவி எஞ்சின்கள் இருந்தன. கடின நீரை அப்படியே பாய்லரில் ஏற்றினால் குழாய்களில் கல் போலச் சுண்ணாம்பு படியும். அதைத் தடுக்கத் தண்ணீரில் சலவைச் சோடாவைச் சேர்ப்போம். சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து வெள்ளைச் சேறாகி அடியில் இறங்கும். அதை அவ்வப்போது வெளியேற்றி விடுவோம்.

இதே வேலைதான் வாஷிங் மெஷினிலும் நடக்கிறது. சோப்புத் தூளில் சலவைச் சோடா கணிசமாக உண்டு; அழுக்கு எடுப்பதற்கு அது தேவையும்கூட. கடின நீரில் விழுந்ததும் அது சுண்ணாம்பைப் பிரித்து மிக நுண்ணிய வெள்ளைத் தூளாக்குகிறது. பாய்லரில் சேறு போக வழி வைத்திருந்தோம். மெஷினில் அந்தச் சேறு துணியின் நடுவேதான் மிதக்கிறது.

எவ்வளவு இருக்கும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. ஆழ்குழாய் நீர் கலந்து வரும் குடியிருப்பில் 500 என்று வைத்துக்கொள்வோம். அதில் சுண்ணாம்பின் பங்கு 300 என்றால், 40 லிட்டர் நீரில் அது முழுதும் பிரிந்தால் 12 கிராம். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி வெள்ளைப் பொடி! வெள்ளை வேட்டியில் இது தெரியாது. கருப்புப் பேண்ட்டில் பளிச்சென்று தெரியும்.

அலசினால் போகாதா?

கரைந்த சோப்பு அலசலில் எளிதாகப் போய்விடும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 3 கிலோ துணி, 40 லிட்டர் நீர், 60 கிராம் தூள். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம். சுழற்றிப் பிழிந்த பின் துணியில் சுமார் 2 லிட்டர் நீர் தங்கும்; அதில் 3 கிராம் சோப்பு. மறுபடி 40 லிட்டர் விட்டு அலசிப் பிழிந்தால் தங்குவது ஏழில் ஒரு கிராம் அளவே. இரண்டாவது அலசலில் அதுவும் ஒன்றுமில்லாமல் போகிறது.

அப்படியானால் கோடு போடுவது எது? கரையாதது. மேலே மூடி உள்ள மெஷினில் நீர் வடியும்போது துணிகள் அடியில் அமர்ந்து, நீர் அவற்றின் வழியாகவே இறங்குகிறது. காப்பி பில்டரில் தூள் தங்குவது போல, கரையாத மணிகளும் சுண்ணாம்புப் பொடியும் துணி மடிப்புகளில் தங்கிவிடுகின்றன. அதனால்தான் கோடு எப்போதும் மடிப்பு விழுந்த இடத்தில், நீளவாக்கில் இருக்கிறது. துணியைத் திணித்து நிரப்பினால் அவை புரளுவதில்லை. எத்தனை முறை அலசினாலும் மடிப்புக்குள் சிக்கியது வெளியே வராது. ஆகவே அலசலின் எண்ணிக்கையைக் காட்டிலும் துணி புரள இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஒரு வீட்டில் பார்த்த கணக்கு

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு மதுரைக் குடும்பம். ஆறரை கிலோ மெஷின். ஜனவரி மாதத்தில் அந்த வீட்டு மருமகள், "மாமா, ஸ்கூல் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போகப் பையன் மறுக்கிறான். நீங்கள் ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். டிரம் கழுத்து வரை துணி. அதன் மேல் கும்பலாக மூன்று கரண்டித் தூள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் கும்பல் கரண்டி ஒன்று 50 கிராம். தட்டிச் சமன் செய்தால் 35. ஆக 150 கிராம். அந்தப் பாக்கெட்டிலோ 6 கிலோ துணிக்கு 80 கிராம் என்றுதான் அச்சிட்டிருந்தது. குழாய் நீரில் கை வைக்க முடியாத குளிர். அந்தக் குளிரில் அவ்வளவு தூள் கரையவே கரையாது.

முதல் அலசல் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் கருப்புத் துணியை வைத்துப் பத்து நிமிடம் விட்டோம். அடியில் வெள்ளையாகப் படிந்தது. இதுதான் சரியான சோதனை. அடியில் படிவு இருந்தால் கரையாதது இருக்கிறது. மேலே நுரை நின்றால் தூள் அதிகம்.

அடுத்த துவைப்பை இப்படி மாற்றினோம். கருப்புத் துணிகளை மட்டும் தனியாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, 3 கிலோ அளவாகப் போட்டோம். ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. நீர் மட்டத்தை நடுவில் வைத்தோம். தூள், பாக்கெட் கணக்கின்படி 40 கிராம். கடின நீர் என்பதால் 10 கிராம் கூட, மொத்தம் 50. இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அதைக் கொட்டி, விரலில் மணி தட்டாத வரை கலக்கி, இரண்டு நிமிடம் தெளியவிட்டு, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேல் நீரை மட்டும் டிரம்மில் ஊற்றினோம். தண்ணீர் ஏறிக் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் துணி. அலசல் ஒன்று கூடுதல். பஞ்சு வடிகட்டியையும் கழற்றிக் கழுவினோம். அது அடைத்திருந்தால் நூல் தூசியே கோடாக ஒட்டும்.

மறுநாள் பேண்ட் சுத்தமாக இருந்தது. ஒரு குர்த்தாவின் பைக்குள் மட்டும் லேசான வெள்ளை; பையைத் திருப்பாமல் போட்டதால் வந்தது.

தூளைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடின நீரில் தூளை மிகவும் குறைத்தால் அழுக்குப் போகாது. துணி நரைத்து விறைப்பாகும். ஆகவே பாக்கெட்டில் சொன்ன அளவை அளந்து போடுங்கள். கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். சரியாக அளந்து, கரைத்துப் போட்ட பின்பும் கோடு வந்து, அது வினிகரில்தான் மறைகிறது என்றால், கருப்புத் துணிக்கு மட்டும் திரவச் சோப்புக்கு மாறிவிடுங்கள். அதில் பொதுவாகச் சலவைச் சோடா இருப்பதில்லை. கரையாத மணியும் இல்லை. வெள்ளைத் துணிக்குத் தூளே இருக்கட்டும்.

முன்பக்கக் கதவுள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே விற்கும், நுரை குறைந்த தூளை வாங்க வேண்டும். அந்த மெஷின் குறைந்த நீரில் ஓடுவதால் அதிகத் தூளை அது மன்னிக்காது. தூள் போடும் இழுப்பறையில் கட்டி தங்கியிருந்தால் நீர் அழுத்தம் குறைவு; உள்வாங்கும் குழாயின் சல்லடையைத் துடைத்துப் பாருங்கள். இரட்டைத் தொட்டி மெஷினில் தூளை வாளியில் கரைத்து ஊற்றி, அலசும் நீரைத் தெளிவாகும் வரை மாற்றுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கோட்டுக்கு

சோப்புத் தூள் என்றால், சோப்பே போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஒரு முறை ஓட்டி எடுத்தால் போதும். சுண்ணாம்பு என்றால், 5 லிட்டர் நீருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்த வாளியில் இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் அலசுங்கள். இங்குள்ள கடைகளில் சிர்கா என்று கேட்டால் தருவார்கள். நிறமற்றதாகப் பார்த்து வாங்குங்கள். உள் தையலில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு துவைப்பிலும் மெஷினுக்குள் வினிகர் ஊற்ற வேண்டாம். நாளடைவில் ரப்பர் பாகங்கள் கெடும். வெளுப்புத் திரவத்தோடு வினிகரை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

நாளைக்கு நீங்கள் துவைக்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கரண்டியில் கும்பலாக எத்தனை கிராம், சமமாக எத்தனை கிராம் என்று தராசில் பார்த்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். யார் மெஷினைப் போட்டாலும் அளவு மாறாது.