கைகூப்பிய விரல்களில் ஒரு கீபோர்டு

தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் சேர்ந்தவர்கள் முதல் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். இடது கைக்கு asdfgf, வலது கைக்கு ;lkjhj. தாள் தாளாக அதையே தட்ட வேண்டும். கை அலுத்துப்போகும் அந்தப் பயிற்சிக்குள், ஒற்றைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியவருக்குப் பெரிதும் உதவக்கூடிய ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது.

கைகூப்பி வணங்கும்போது விரல்கள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். இடது சுண்டுவிரல் வலது சுண்டுவிரலைத் தொடும், ஆள்காட்டி விரல் ஆள்காட்டி விரலைத் தொடும். கீபோர்டில் இடது சுண்டுவிரலின் இடம் A, வலது சுண்டுவிரலின் இடம் அரைப்புள்ளி. இடது ஆள்காட்டி விரலுக்கு F, வலது ஆள்காட்டி விரலுக்கு J. இன்ஸ்டிட்யூட் பாடத்தின் இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இடது கை பழகிய அசைவும் வலது கை பழகிய அசைவும் ஒன்றுதான், திசை மட்டும் எதிரெதிர்.

அப்படியானால் ஒரு கையின் வேலையை மறு கையின் அதே விரலிடம் ஒப்படைத்தால் என்ன? கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த எட்கர் மத்தியாஸ் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஸ்காட் மெக்கன்சி, வில்லியம் பக்ஸ்டன் ஆகியோருடன் சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வின் பெயர் ‘ஹாஃப் குவெர்ட்டி’. பாதிக் கீபோர்டு என்று சொல்லலாம்.

விதி ஒன்றே ஒன்றுதான். இடது கையால் மட்டும் தட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். இடது பாதியில் உள்ள எழுத்துகளை அவர் வழக்கம்போலவே தட்டுவார். வலது பாதி எழுத்து வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையின் எந்த விரல் அதைத் தட்டுமோ அதே விரலை இடது கையில் அசைப்பார். ஸ்பேஸோடு F தட்டினால் J விழும், D தட்டினால் K விழும், Q தட்டினால் P விழும். ஸ்பேஸை மட்டும் தட்டி எடுத்தால் வழக்கமான இடைவெளி. ஆங்கிலத்தின் the என்ற சொல்லுக்கு முதலில் T, பிறகு ஸ்பேஸோடு G (அது H ஆகிவிடும்), கடைசியில் E. கை தன் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

இது வெறும் சாமர்த்தியமா, உண்மையிலேயே பயன்படுமா? பார்க்காமல் தட்டத் தெரிந்த பத்துப் பேரை வைத்து அவர்கள் சோதித்தார்கள். மூன்று நான்கு மணி நேரப் பயிற்சியிலேயே, ஒரு கையால் தேடித் தேடிக் குத்தும் வேகத்தை அவர்கள் தாண்டிவிட்டார்கள். சுமார் எட்டு மணி நேரத்தில் தங்கள் இரு கை வேகத்தில் பாதியை எட்டினார்கள். பத்து மணி நேரம் முடிந்தபோது நிமிடத்துக்கு 23.8 முதல் 42.8 வார்த்தைகள் வரை தட்டினார்கள். நம் ஊர் லோயர் தேர்வின் வேகம் 30 வார்த்தை என்பதோடு ஒப்பிட்டால், பத்து மணி நேரத்தில் ஒரு கை தொட்ட உயரம் புரியும். புதிதாக எதையும் மனப்பாடம் செய்யாமல் வந்த வேகம் இது. மூளை பழைய பாடத்தையே திருப்பிப் படித்துக்கொண்டது.

சங்கடம் ஸ்பேஸ் பாரில்தான் இருக்கிறது. ஒரே கட்டை இரண்டு வேலை செய்கிறது. வேகமாகத் தட்டுகிறவர்கள் ஒரு கீயிலிருந்து விரலை முழுதாக எடுக்கும் முன்பே அடுத்ததை அழுத்திவிடுவார்கள். சாதாரணக் கீபோர்டில் அது பிழையே அல்ல. இங்கே is the என்று தட்டும்போது ஸ்பேஸை விடுவதற்குள் T விழுந்துவிட்டால், இடைவெளி காணாமல் போகும், T என்பது Y ஆகும், திரையில் isyhe என்று நிற்கும். இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு, இரண்டாவதன் முதல் எழுத்து மட்டும் கண்ணாடி எழுத்தாக மாறியிருந்தால் குற்றவாளி இதுதான். அப்போது எழுத்துகளை மறுபடி பழகிப் பயனில்லை. ஸ்பேஸைச் சட்டென்று விடப் பழக வேண்டும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. ஸ்பேஸை அழுத்திவிட்டு, மனம் மாறி எதையும் தட்டாமல் விட்டால் வேண்டாத இடைவெளி விழும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பிடித்திருந்தால் இடைவெளி விழாதபடி மத்தியாஸ் குழுவினர் ஒரு காலக்கெடு வைத்தார்கள். மென்பொருளில் அந்த அளவை மாற்ற முடிந்தால் மாற்றிப் பார்ப்பது நல்லது. நிதானமான கைக்கும் விறுவிறுப்பான கைக்கும் ஒரே கெடு பொருந்தாது.

Ctrl, Alt போன்றவற்றோடு சேர்த்து அழுத்த வேண்டியவை தனித் தொல்லை. விண்டோஸில் Shift கீயை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் Sticky Keys என்ற வசதியை இயக்கலாமா என்று கேட்கும். அதை இயக்கிவிட்டால் Ctrl தட்டி எடுத்து, பிறகு C தட்டினாலே போதும். எதிர்பாராமல் அது திடீரென்று அணைந்துபோனால் பயப்பட வேண்டாம். இரண்டு கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் அணைந்துவிடும்படி ஓர் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அதை நீக்கிவிடலாம்.

கண்ணாடி வழி எல்லோருக்கும் ஏற்றதல்ல. பக்கவாதத்தாலோ பைக் விபத்தில் தோள் நரம்பு அறுந்தோ ஒரு கை செயலிழந்தவர், அதற்கு முன் இரு கையாலும் பழகியிருந்தால் அவருக்கு இது வரம். பிறவியிலிருந்தே ஒரு கையால் வாழ்கிறவருக்குத் திருப்பிப் படிக்கப் பழைய பாடமே கிடையாது. ஆகஸ்ட் துவோராக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று வகுத்த தனி அமைப்புகள் அத்தகையவருக்குப் பொருந்தும். அடிக்கடி வரும் எழுத்துகள் ஒரே கையின் விரல்களுக்கு அருகிலேயே வரும்படி அவர் மாற்றி அடுக்கினார். கை கீபோர்டின் நடுப்பக்கம் இருக்கும், ஸ்பேஸைப் பிடிக்கும் வேலை இல்லை. விண்டோஸின் மொழி அமைப்பில் United States-Dvorak for left hand, for right hand என்ற பெயர்களில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. கீகளின்மேல் அச்சிட்ட எழுத்துக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, கீகளையே குறைத்துவிடுவது. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதைப் போல, இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து. கணிப்பொறி மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதை மேடையேற்றியபோது வலது கையில் மவுஸ் இருந்தது. இடது கையில் ஐந்தே கீகள் கொண்ட ஒரு பெட்டி. ஐந்து கீகளை எத்தனை விதமாகச் சேர்த்து அழுத்தலாம் என்று எண்ணினால் 31 வரும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அதற்குள் அடங்கிவிடும். மவுஸ் உலகை ஆண்டது, பெட்டியை யாரும் சீண்டவில்லை.

பிறகு இதைக் கையில் எடுத்தவர் ஒரு சினிமா இயக்குநர் என்பது வேடிக்கைதான். 1964இல் வந்த ‘ஜூலு’ படத்தை இயக்கிய சை எண்ட்ஃபீல்ட், கிறிஸ் ரெய்னி என்பவருடன் சேர்ந்து, ஆறு பொத்தான்கள் உள்ள ‘மைக்ரோரைட்டர்’ என்ற கையடக்கக் கருவியைப் பிரிட்டனில் உருவாக்கினார். எழுத்தின் வடிவத்தை விரல்கள் ஏதோ ஒரு வகையில் நினைவூட்டும்படி சேர்க்கைகளை அமைத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். இந்த வகைக் கருவிகளின் பொது இயல்பு, விரல்களை எடுக்கும்போதுதான் எழுத்து விழும். ஒரு விரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தாலும் பாதகமில்லை. வராமலே போனால் வேறோர் எழுத்து விழுந்துவிடும். கீயின்மேல் எழுத்து எதுவும் இல்லாததால் குனிந்து பார்த்தும் பயனில்லை.

கையில் பிடித்துக்கொண்டே தட்டக்கூடிய ‘ட்விட்லர்’ என்ற கருவியை வைத்து அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சோதித்தபோது, புதியவர்கள் 400 நிமிடப் பயிற்சியில் நிமிடத்துக்குச் சராசரியாக 26 வார்த்தைகளைத் தொட்டார்கள். விடாமல் பழகியவர்கள் சுமார் 25 மணி நேரத்தில் 47 வார்த்தைகளுக்கு வந்தார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து விரல்களும் தனித்தனியே சொன்னபடி கேட்க வேண்டும். கருவி பழுதானால், அதன் தயாரிப்பு நின்றுபோனால், கற்றது கையோடு நின்றுவிடும். கண்ணாடி முறைக்குச் சாதாரணக் கீபோர்டும், ஆட்டோஹாட்கீ போன்ற இலவச மென்பொருளில் எழுதிய சில வரிகளும் போதும். இந்தக் கட்டுரையாளரின் ஓட்டு அதற்கே.

தமிழில் தட்ட முடியுமா? 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு இங்கே எதிர்பாராத உதவி செய்கிறது. அதில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். க, ப, ம, த, ந ஐந்தும் வலது கை விரல்களின் அடியிலேயே இருக்கின்றன. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும்.

‘வணக்கம்’ என்ற சொல்லை வலது கையால் மட்டும் தட்டுவோம். வ இடது பாதியின் V கீயில் இருப்பதால் ஸ்பேஸோடு M. ஸ்பேஸை விட்டுவிட்டு P தட்டினால் ண. H இரண்டு முறை தட்டினால் க்க. K தட்டினால் ம. புள்ளி இடது பாதியின் F கீயில் இருப்பதால் ஸ்பேஸோடு J. ஆறு தட்டல், அதில் இரண்டுக்கு மட்டுமே ஸ்பேஸ். ‘தம்பி’ இன்னும் சுலபம். L, K, J தட்டினால் ம்-க்குப் புள்ளி தானே விழும், கடைசியில் ஸ்பேஸோடு L தட்டினால் இகரம் சேரும். கணிப்பொறியில் இதை அமைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் j என்ற எழுத்தை அனுப்பக் கூடாது, J கீ இருக்கும் இடத்தின் எண்ணை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தமிழுக்கு நடுவே ஆங்கில எழுத்து துருத்திக்கொண்டு விழும்.

இடது கைக்காரருக்கு நிலைமை தலைகீழ். அவருக்கு மெய்கள் பெரும்பாலும் ஸ்பேஸின் பின்னால். ‘வணக்கம்’ என்பதில் V தட்டிவிட்டு ஸ்பேஸைப் பிடித்தபடியே Q, G, G, D என்று ஓடிவிட்டு, பிறகு ஸ்பேஸை விட்டு F தட்ட வேண்டும். அதுகூடப் பழகிவிடும். ச, ஞ, ய மூன்றும்தான் சிக்கல். வலது ஓரத்தில் P-க்கும் அரைப்புள்ளிக்கும் அப்பால் இருக்கும் அந்தக் கீகளுக்கு இடது பக்கத்தில் ஜோடி எழுத்துக் கீ இல்லை. அங்கே இருப்பவை Tab, Caps Lock போன்றவை. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எழுதுகிறவர்கள் இடது கைக்கென்று ஒரு பதிப்பு தந்து, ஸ்பேஸோடு Caps Lock தட்டினால் ய, ஸ்பேஸோடு Tab தட்டினால் ச விழும்படி செய்துவிடலாம். ஞ அவ்வளவாக வராத எழுத்து, அதற்கு மேல்வரிசையின் 1 போதும்.