315 விதையும் ஒரு சந்தேகமும்

மரபியல் பிராக்டிகல் வகுப்பில் மாணவர் முன்னால் ஒரு தட்டு நிறையப் பட்டாணி விதைகள். எண்ணிப் பார்த்தால் பாடத்தில் சொன்ன 9:3:3:1 அப்படியே வருவதில்லை. இந்த விலகல் தற்செயலா, அல்லது செடிக்குள் வேறு ஏதோ நடக்கிறதா? இதைத் தீர்மானிக்கத்தான் கை வர்க்கச் சோதனை. 1900-இல் கார்ல் பியர்சன் வகுத்துத் தந்தது இது.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். உருண்டை மஞ்சள் விதை தரும் பட்டாணியையும் சுருங்கிய பச்சை விதை தரும் பட்டாணியையும் கலந்தார். இரண்டாம் தலைமுறையில் கிடைத்தவை 556 விதைகள்: உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32.

முதலில் கருதுகோள்: இரு பண்புகளும் ஒன்றையொன்று சாராமல் பிரிகின்றன, ஆகவே விகிதம் 9:3:3:1. அதன்படி 556-ஐ 16 பங்காக்கினால் ஒரு பங்கு 34.75. எதிர்பார்ப்பு முறையே 312.75, 104.25, 104.25, 34.75. விதையில் முக்கால் என்று ஒன்று உண்டா என்று தயங்கி இவற்றை முழு எண்ணாக்க வேண்டாம், கணக்கு பிசகும்.

இனி ஒவ்வொரு வகையிலும் எண்ணியதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும்.

χ² = Σ (O − E)² / E

உருண்டை மஞ்சளில் வித்தியாசம் 2.25. அதன் வர்க்கம் 5.0625, 312.75-ஆல் வகுத்தால் 0.016. சுருங்கிய மஞ்சளில் 3.25 குறைவு, வர்க்கமாக்குவதால் கூடுதல், குறைவு என்ற பேதம் மறைந்து 0.101 வரும். உருண்டைப் பச்சைக்கு 0.135, சுருங்கிய பச்சைக்கு 0.218. கூட்டினால் 0.47.

இது பெரிதா சிறிதா என்று அட்டவணைதான் சொல்லும். வகைகள் நான்கு. மொத்தம் 556 என்று தெரிந்துவிட்டதால் மூன்று வகைகளின் எண்ணிக்கை கிடைத்ததுமே நான்காவது தானாக நிலைத்துவிடும். ஆகவே கட்டின்மைக் கூறு 3. அந்த வரிசையில் 5 சதவீத எல்லை 7.815. நம் 0.47 அதற்கு வெகு கீழே இருக்கிறது. விலகலைத் தற்செயலுக்கே விட்டுவிடலாம். கருதுகோளை மறுக்கக் காரணம் இல்லை. ‘நிரூபிக்கப்பட்டது’ என்று மட்டும் ரெக்கார்டு நோட்டில் எழுதக் கூடாது. இந்தத் தரவு அதற்கு எதிராகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

பலரும் சறுக்குவது சதவீதத்தில். 100 விதையில் 80 உருண்டை, 20 சுருங்கியது என்றால் 3:1-க்கு எதிராக χ² 1.33 வரும். கட்டின்மைக் கூறு 1-க்கு எல்லை 3.84 என்பதால் கவலையில்லை. அதே 80-க்கு 20 என்ற விகிதம் 1,000 விதையில், 800-க்கு 200 என்று வந்தால் χ² 13.33, கருதுகோள் விழுந்துவிடும். ஆகவே சதவீதத்தைப் போட்டுக் கணக்கிட்டவர் எத்தனை விதை எண்ணினோம் என்ற சாட்சியத்தையே தூக்கி எறிகிறார். மிகக் குறைவாக எண்ணுவதிலும் ஆபத்து உண்டு. எந்த வகையிலும் எதிர்பார்ப்பு 5-க்குக் கீழே போகக் கூடாது என்பது வழக்கமான விதி. 16-இல் ஒரு பங்கான கடைசி வகைக்கு 5 வேண்டுமானால் குறைந்தது 80 விதை வேண்டும்.

வகை பிரிக்கும்போதும் கண் ஏமாறும். பச்சை விதை வெயில் பட்டால் வெளிறி மஞ்சளாகத் தெரியும். சந்தேகமான விதையில் தோலைச் சற்று உரித்து உள்ளே பருப்பின் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

சரி, எல்லை தாண்டினால்? எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பேட்சன், சாண்டர்ஸ், பன்னெட் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனிப்புப் பட்டாணியில் கண்டது. பூ நிறமும் மகரந்த வடிவமும் பார்த்தார்கள். 6,952 செடிகளில் ஊதா நீண்டது 4,831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீண்டது 393, சிவப்பு உருண்டை 1,338. இதை 9:3:3:1-உடன் ஒப்பிட்டால் χ² ஏறக்குறைய 3,372! தற்செயலுக்கு இங்கே இடமே இல்லை.

இப்படி வந்தால் அடுத்து ஒவ்வொரு பண்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஊதா 5,221, சிவப்பு 1,731. 3:1-க்கு எதிராக χ² வெறும் 0.04. நீண்ட மகரந்தம் 5,224, உருண்டை 1,728, χ² 0.08. தனித்தனியே இரண்டும் மெண்டல் சொன்னபடியே பிரிகின்றன. எண்ணியதிலோ, செடிகள் பிழைத்ததிலோ பெருங்கோளாறு இருந்திருந்தால் இந்த 3:1-களில் ஒன்றாவது கெட்டிருக்கும். அப்படியானால் உடைந்தது ‘ஒன்றையொன்று சாராமல்’ என்ற அனுமானம்தான். பெற்றோரிடம் சேர்ந்திருந்த ஊதாவும் நீண்டதும், சிவப்பும் உருண்டையும் பேரப்பிள்ளைகளிலும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. அந்த இரு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அமர்ந்திருக்கின்றன. இத்தகைய பிணைப்புக்குக் குரோமோசோம் வழியான விளக்கத்தைப் பழ ஈயை வைத்து மார்கன் 1911-இல் தந்தார்.