சித்தப்பாவுக்கு ஒரு கடன் கடிதம்

தேங்காயெண்ணெய் சோப்புத் தொழில் தொடங்கும் பெண் ஒருத்தி சித்தப்பாவிடம் 2,40,000 ரூபாய் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "வியாபாரம் சூடு பிடித்ததும் தந்துவிடுகிறேன்" என்று எழுதினால் மனஸ்தாபம் அங்கேதான் தொடங்கும். இப்படி எழுதட்டும்:

"சித்தப்பா, முதல் நான்கு மாதம் தவணை கிடையாது. ஐந்தாம் மாதத்திலிருந்து 5ஆம் தேதிதோறும் 12,000 ரூபாய், மொத்தம் 20 தவணை. வட்டி இல்லை. சோப்பு விற்காவிட்டாலும் இது என் கடன்."

நான்கு மாதம் எதற்கு? காய்ச்சாமல் செய்யும் சோப்பு உலர ஆறு வாரம் வரை ஆகும். சரக்கெடுத்த கடைக்காரர் பணம் தர மேலும் ஒன்றிரண்டு மாதம் இழுப்பார். அதற்குள் தவணை கட்டினால், வாங்கிய பணத்தையே எடுத்துத் திருப்பித் தருவதாகிவிடும். உற்பத்தி உரிமம் வந்துவிட்டதா என்பதையும் மறைக்கக் கூடாது. பணம் வங்கி வழியாகவே வரட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை.