ஒரு பக்கெட் தண்ணீர் கூடினால்

சேந்தமங்கலத்தில் வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவை மெஷின் பக்கம் நின்று பாருங்கள். ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் பாண்டுக் கணக்கில் விழும். தண்ணீர் மட்டும் கண் அளவில் விழும். "கெட்டியா இருக்கு, தள்ள முடியல" என்று மேலிருந்து குரல் வந்தால் இன்னொரு பக்கெட் சேரும். தளத்தின் வலு போவது பெரும்பாலும் அந்த பக்கெட்டில்தான்.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் மொத்தத் தண்ணீர் 25 லிட்டர். சிமெண்டின் வேதிவினைக்கு 19 லிட்டர் போதும்; மீதி கலவை இளகுவதற்கு. அந்த மீதி ஆவியாகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. 10 லிட்டர் கூடினால் விகிதம் 0.7. வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறையக்கூடும்; துளை வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

மழை பெய்த மறுநாள் கணக்கு மாறும். ஒரு மூட்டைக்கான மணல் 100 கிலோ, அதில் 5 சதவீதம் மேல்ஈரம் என்றால் 5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. மெஷினில் 20 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். மிக்ஸ் டிசைன் தாளில் உள்ள அளவை அப்படியே ஊற்றுபவர் சறுக்குவது இங்கேதான். கலவை இளகவில்லை என்றால் தண்ணீரைத் தொடாமல் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். அளவு டப்பாவில் இருக்கும். சிமெண்ட் பால் மேலே தேங்கி, ஜல்லி அடியில் தங்கினால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது க்யூரிங். வீடுகளுக்குப் பெரும்பாலும் பி.பி.சி. சிமெண்ட்தான் வாங்குகிறோம். ஐ.எஸ். 456 அதற்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது. வறண்ட வெயிலில் 14 நாள் வரை நீட்டிக்கச் சொல்கிறது. போட்ட அன்று ஈரச்சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். காலையும் மாலையும் ஹோஸ் பிடிப்பது க்யூரிங் ஆகாது. நடுப்பகல் முழுக்கத் தளம் காய்ந்தே கிடக்கும்.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியது கியூப் சோதனை முடிவு. ஊற்றும்போதே 150 மி.மீ. கியூப்கள் எடுத்து 28-ஆம் நாள் உடைக்க வேண்டும். தவறவிட்டால் கோர் வெட்டிப் பார்க்கலாம்: மூன்று கோர்களின் சராசரி, குறித்த வலுவில் 85 சதவீதமாவது வர வேண்டும், எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது. எம்20 என்றால் சராசரி 17.

குறைந்தால், அந்த அறிக்கையோடு ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் நோட்டீஸ். சரிசெய்ய மறுத்தால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டுமானமும் சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ரெரா சட்டம் கட்டமைப்புக் குறைக்குத் தரும் 5 ஆண்டுப் பொறுப்பு, புரமோட்டரிடம் வாங்கிய வீட்டுக்குத்தான். சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டியவருக்கு அது பொருந்தாது. அவருக்குக் கைகொடுப்பது எழுதி வாங்கிய ஒப்பந்தம். அதில் "எம்20, கியூப் சோதனையோடு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.