சீட்டு வாங்கியவர் எதற்குச் சம்மதித்தார்?

கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். அது பறந்து வந்து பார்வையாளர் முகத்தில் பட்டால் கண்ணே போகலாம். இழப்பீடு கேட்டால், "ஆபத்து தெரிந்துதானே சீட்டு வாங்கினீர்கள்?" என்பார்கள் மைதானத்தார். சட்ட மாணவர்கள் பலரும் விடைத்தாளை இந்த வாதத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, மைதானத்தார் பக்கம் கவனக்குறைவு இருந்ததா என்பதே. 1951-ல் இங்கிலாந்தில் முடிந்த மர்ரே வழக்கில், ஐஸ் ஹாக்கி பார்க்கப்போன ஆறு வயதுச் சிறுவனை வட்டு தாக்கியது. அது ஆட்டத்தோடு பிறந்த ஆபத்து, அதைத் தாண்டித் தடுப்பு வைக்கும் கடமை அரங்கத்தாருக்கு இல்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. கடமை மீறலே இல்லாதபோது, சம்மதத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை.

இப்போது இங்கிலாந்துச் சட்டப்படி ஒரு கற்பனைக் கணக்கு. உணவு இடைவேளையில் வீரர்கள் வலைப்பயிற்சி செய்கிறார்கள். பக்கவாட்டு வலையில் பெரிய கிழிசல். ஊழியர் சொல்லியும் நிர்வாகம் தைக்கவில்லை. பார்வையாளர் ஒருவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்க் கைப்பேசியில் படம் எடுக்கிறார். கிழிசல் வழியே வந்த பந்து தாடையை உடைக்கிறது.

கவனக்குறைவு தெளிவாகவே இருக்கிறது. சம்மத வாதம் நின்றால் அவருக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. அதனால்தான் நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. சிக்ஸர் வந்து விழலாம் என்பது அவருக்குத் தெரியும். வலை கிழிந்திருப்பது தெரியாது. தெரியாத ஆபத்துக்கு எப்படிச் சம்மதிக்க முடியும்? 1972-ன் வைட் வழக்கில் கார் பந்தயப் பார்வையாளர் ஒருவர், தடுப்புக் கயிறுகள் தவறாகக் கட்டப்பட்டிருந்ததால் இறந்தார். அந்தக் கோளாறு அவருக்குத் தெரியாது என்பதால் சம்மத வாதம் எடுபடவில்லை. ஆனாலும் பொறுப்பை மறுத்த அறிவிப்புப் பலகை ஏற்பாட்டாளர்களைக் காப்பாற்றிவிட்டது. அந்த வழி இன்று நுகர்வோர் விஷயத்தில் அடைபட்டிருக்கிறது. கவனக்குறைவால் வரும் உடற்காயத்துக்குப் பொறுப்பில்லை என்று சீட்டில் அச்சிட்டுத் தப்ப 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் விடுவதில்லை. அந்த வாசகத்தைப் படித்து ஒப்புக்கொண்டதாலேயே ஆபத்துக்குச் சம்மதித்தவர் ஆகிவிடவும் மாட்டார். இது மிக நியாயமான பாதுகாப்பு என்பேன்.

மீதி இருப்பது அவர் கயிற்றைத் தாண்டிய தவறு. முன்பெல்லாம் தன் தவறு சிறிதளவு இருந்தாலும் வழக்கு மொத்தமாக விழுந்துவிடும். 1945-ல் வந்த சட்டம், தவறின் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைத்தால் போதும் என்றது. இழப்பு 10,000 பவுண்டு, அவர் பங்கு நான்கில் ஒன்று என்று நீதிபதி கருதினால், கையில் கிடைப்பது 7,500. இதற்கு நிலையான விகிதம் கிடையாது, நீதிபதியின் நியாய உணர்வே அளவுகோல்.

மாணவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கயிற்றைத் தாண்டியது தவறுதான். ஆனால் அந்தத் தவறு காயத்துக்குக் காரணமானதா? பந்து கயிற்றுக்கு அப்பாலும் அதே வேகத்தில் பாய்ந்திருக்கும், கூட்டத்தோடு நின்றிருந்தாலும் அவர் தாடை தப்பியிருக்காது என்று சாட்சியம் காட்டினால், ஒரு பவுண்டுகூடக் குறைக்க முடியாது.