கடற்பாசியும் ஒரு சின்னக் கணக்கும்

கடற்பாசி என்றதும் நம்மில் பலருக்குச் சைனா கிராஸ்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு டில்லி வந்தபோது, உலர்ந்த கடற்பாசி மூன்று பாக்கெட் கொண்டு வந்தான். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அதுதான் தவறு.

முதலாவது நோரி, காகிதம் போன்ற தாள். கரும்பச்சையாய்ப் பளபளத்து, மடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். துவண்டால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். இதை ஊற வைக்க வேண்டியதில்லை. சோற்றைச் சுற்றி அப்படியே சாப்பிடலாம்.

இரண்டாவது வகாமே, தேயிலை போன்ற துகள்கள். ஊறினால் பத்து மடங்கு பெருகும் என்பதால், நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறட்டும், அதிகமானால் கொழகொழத்துவிடும். உலர்ந்த எடையில் கால் பங்கு வரை உப்பு இருக்கலாம். ஆகவே ஊறிய நீரைக் கொட்டிப் பிழிந்துவிட்டு, ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.

மூன்றாவது கொம்பு, தோல் வார் போல் தடித்த பட்டை. மேலே படிந்த வெள்ளைப் பொடி பூஞ்சணம் அல்ல, சுவை தருவது. கழுவாமல் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். பஞ்சு போல் படர்ந்து மக்கு வாடை அடித்தால்தான் பூஞ்சணம். அரை மணி ஊற வைத்து, சூடாக்கி, கொதிக்குமுன் பட்டையை எடுத்துவிட்டு அந்த நீரில் சூப் வைப்பார்கள்.

நானும் தினமும் 10 கிராம் போட்டு எங்கள் இருவருக்கும் சூப் வைத்தேன். என் மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுபவள். ஆறு வாரத்தில் ஓயாத அசதி, முகத்தில் வீக்கம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். நம் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 இருக்க வேண்டும் என்பது விதி. அதிலேயே தேவை ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. 3 கிராம் நோரித் தாளில் சுமார் 50 முதல் 100 வரை. கொம்பிலோ ஒரு கிராமிலேயே 2000 அளவில் இருக்கும்! நான் போட்டதில் 20,000. பட்டையைத்தான் எடுத்துவிட்டோமே என்றால், அயோடின் நீரில் கரைவது; பெரும்பகுதி நாங்கள் குடித்த சூப்பில்தான் இருந்தது.

டாக்டர் சொற்படி கொம்பை நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் அளவு பழைய நிலைக்கு வந்தது.

தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்குக் கொம்பு வேண்டாம். மற்றவர்களும் எப்போதாவது ஒரு சிறு துண்டோடு நிறுத்துவது நல்லது. பாக்கெட்டில் 'கெல்ப்' என்றிருந்தாலும் அது இந்த இனம்தான். அதன் துகளை வகாமே என்று எண்ணி அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.